அணிவகுப்பைச் சோதித்துவிட்டுப் போரை வென்றதாக எழுதலாமா?

நிகழ்நேர உத்தி விளையாட்டுகளைப் பற்றிய நம் ஆய்வேடுகளில் ஒரே வரைபடம் திரும்பத் திரும்ப வருகிறது. பொருள்நோக்கு நிரலை என்டிட்டி காம்போனென்ட் சிஸ்டத்துக்கு மாற்றினோம். வேகம் பன்மடங்கு உயர்ந்தது என்கிறார்கள். சோதித்தது எதை? `position += velocity` என்ற ஒற்றை வரியை. (என் முதலாண்டு அறிக்கையும் இதே குற்றத்தைச் செய்தது.) செயலி ஒருமுறை இழுக்கும் 64 பைட்டுகளில், எட்டு பைட் கொண்ட இருப்பிடங்கள் எட்டு அடங்கிவிடும். வரிசையாகப் படிக்கும் வேலையில் இம்முறை வெல்வதில் வியப்பென்ன?

போரில் செலவாவது வேறிடத்தில். ஒவ்வொரு வீரனும் அருகிலுள்ள பகைவனைத் தேட வேண்டும். 10,000 பேர் ஒருவரையொருவர் ஒப்பிட்டால், ஒரு டிக்கில் ஏறத்தாழ பத்துக் கோடி ஒப்பீடுகள். நினைவகத்தை எத்துணை அழகாக அடுக்கினாலும் இது குறையாது. ஆகவே களத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். 1000 மீட்டர் சதுரக் களத்தில் 10 மீட்டர் கட்டங்கள் எனில், கட்டத்துக்குச் சராசரி ஒருவர். தன் கட்டத்தோடு சூழ்ந்த எட்டையும் பார்த்தால் மொத்தம் 90,000 ஒப்பீடுகள். ஆய்வேடு இங்கே மகிழ்ச்சியாக முடிந்துவிடுகிறது.

ஆனால் வீரர்கள் சீராகப் பரவி நிற்பதில்லை. அதே 10,000 பேர் ஒரு பாலத்தருகே 100 மீட்டர் சதுரத்துக்குள் நெருக்கினால், கட்டத்துக்கு நூறு பேர். ஒப்பீடுகள் ஏறத்தாழ 90 லட்சம். நூறு மடங்கு! ஆட்டக்காரர் திணறலை உணர்வது இந்தக் கணத்தில்தான். சராசரி நேரம் அதை மறைத்துவிடும். போதாக்குறைக்கு, கட்டத்தில் அடையாள எண்ணை மட்டும் வைத்து, இருப்பிடத்தை மூல அணியில் தேடினால் ஒவ்வொரு ஒப்பீடும் நினைவகத்தில் ஒரு தாவல். அடுக்கி வைத்த பயன் அங்கேயே போய்விடுகிறது. ஒவ்வொரு டிக்கின் தொடக்கத்திலும் இருப்பிடங்களைக் கட்ட வரிசையில் தனி அணியாகப் படியெடுப்பதே தீர்வு. இலக்குத் தேடலையும் பத்து டிக்குக்கு ஒருமுறை என, அடையாள எண்ணின் கடைசி இலக்கப்படி பகிர்ந்தால், 90 லட்சம் ஒன்பது லட்சமாகும். இலக்கு மடிந்தவன் மட்டும் உடனே தேடட்டும்.

இன்னொன்று, "தாக்கப்படுகிறான்" என்பதை ஒரு கூறாகச் சேர்த்தும் நீக்கியும் காட்டும் பழக்கம். ஒரே கூறுகளுடையவற்றை ஒரே அட்டவணையில் வைக்கும் ஆர்க்கிடைப் அமைப்புகளில், இப்படிச் சேர்க்கும்போதெல்லாம் அந்த வீரனின் எல்லாத் தரவும் வேறு அட்டவணைக்கு நகர்கிறது. கைகலப்பில் இது டிக்குதோறும் ஆயிரக்கணக்கில் நிகழும். அங்கே ஒரு பூலியன் புலம் போதும்.

வழிகாட்டிகளிடமும் மதிப்பீட்டாளர்களிடமும் நான் கேட்பது ஒன்றே: பாலத்தருகே நெரிசல் உச்சத்தில் இருந்தபோது மிக மெதுவான டிக் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்ற எண் இல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள்.