காலியாக இருக்கும் கோல்

சம்பா அறுவடை முடிந்துவிட்டால் டெல்டாப் பிள்ளைகளுக்கு மைதானத்துக்குப் பஞ்சமில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். பாதி வயலில் அறுவடைக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள். அதில் கால் வைத்தால் வீட்டுக்குப் புகார் போகும். மிஞ்சுகிற தரிசிலோ பள்ளிக்கூடத் திடலிலோதான் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளின் ஃபுட்பால் நடக்கிறது. விசில் ஊதிய அரை நிமிடத்தில் இரண்டு டீமும் பந்தைச் சுற்றி ஒரே கும்பல். பந்து தெரியாது, புழுதிதான் தெரியும்.

கோச் உடனே கரும்பலகையில் 4-4-2 வரைகிறார். “நீ ரைட் பேக், இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.” பையன் அசையவில்லை. பந்து இடது ஓரத்துக்குப் போகிறது, நடுவில் பெரிய ஓட்டை, கோல் விழுகிறது. “ஏன்டா மரம் மாதிரி நிக்கிற?” என்று திட்டும் விழுகிறது. சொன்னதைச் செய்ததுதான் அவன் செய்த தப்பு!

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பந்தைப் பார்ப்பதே பெரிய வேலை. கூட்டாளியையும் எதிராளியையும் சேர்த்துப் பார்க்கப் பலகைப் படம் உதவாது. ஆட்டமே அப்படிப் பார்க்க வைக்க வேண்டும். ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் பரப்பிய மூவர் ஆட்டம் அதற்குத்தான். நீளம் சுமார் 30 மீட்டர், அகலம் 25. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சின்ன கோல்கள், ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி. கோலி கிடையாது. கோல் கோட்டிலிருந்து 6 மீட்டரில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு. அதைத் தாண்டி உள்ளே வந்து அடித்தால்தான் கோல்.

ஒரு கோலை நோக்கிப் பந்தோடு ஓடுகிற சிறுமிக்கு முன்னால் எதிரணி மூவரும் வந்து குவிகிறார்கள். இன்னொரு கோலுக்கு ஆளே இல்லை. அந்த நேரத்தில் கோச் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “எந்த கோல் காலியா இருக்கு?” பதிலையும் அவரே சொல்லிவிட்டால் பயிற்சி போச்சு. ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு நான்கு கோல் ஆட்டமே முறை.

கெடுவதும் எளிது. இடம் போதவில்லை என்று அகலத்தைக் குறைத்தால் ஒரே ஆள் இரண்டு கோலையும் காத்துவிடுவான். 6 மீட்டர் கோட்டை விட்டுவிட்டால் பலசாலிப் பையன் தூரத்திலிருந்தே உதைத்துத் தள்ளுவான். ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கு அடையாளம் ஸ்கோர் இல்லை. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே பிள்ளை தலையைத் தூக்கி இன்னொரு கோல் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறதா என்பதுதான்.

அந்தப் பார்வை வந்த பிறகு எழுவர் ஆட்டத்துக்குப் போகலாம். 2-3-1 போதும்: கோலிக்கு முன்னால் இரண்டு பேக், நடுவில் மூவர், முன்னால் ஒருவர். முதலில் கோச் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கட்டும். மற்றவர்களும் நடந்தே இடம் மாறட்டும். பந்து லெஃப்ட் பேக்கிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடது ஓரத்து ஆள் கோட்டை ஒட்டி முன்னே போகிறான். நடு ஆள், எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மறையாமல், சாய்வாக உள்ளே வந்து பாஸ் கேட்கிறான். ரைட் பேக் தன் ஓரத்தை விட்டு நடுவுக்கு, பந்துக்குச் சற்றுப் பின்னால் வருகிறான். ஆக, பந்து வைத்திருப்பவனுக்கு முன்னே, உள்ளே, பின்னே என்று மூன்று வழி. வலது ஓரத்து ஆள் மட்டும் பந்து நம்மிடம் இருக்கும்வரை அகலமாகவே நிற்கலாம். பறிபோன கணம் அவனும் உள்ளே ஓடி வர வேண்டும். ரைட் பேக் என்பது நிற்கிற இடம் இல்லை, பந்து எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற வேலை என்பது பிள்ளைக்கு இங்கேதான் பிடிபடும். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி விளக்குகிற ஆசையை மட்டும் கோச் அடக்க வேண்டும்.

வேலையை மாற்றிக் கொடுப்பதில்தான் சண்டை வரும். “என் பையன் ஃபார்வர்டு சார், அவனை ஏன் பின்னாடி போட்டீங்க?” என்று அப்பாக்கள் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியைச் சொல்லலாம். இந்தியாவின் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடி. கோச் சையது அப்துல் ரஹீம் அவரை உட்கார வைக்காமல் அரையிறுதியில் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். இறுதியில் தென் கொரியாவை 2-1 என வென்றபோது இன்னொன்று. ஸ்டாப்பர்கள் எந்த இடத்தை விட்டு ஏமாறுவார்கள் என்று ஒரு ஸ்டாப்பருக்குத் தெரியாதா என்ன?

ஆகவே பாதி ஆட்டத்துக்கு ஒருமுறை வரிசை மாற்றுவது நல்லது. கோலி வேலைக்கு யாரும் தானாக முன்வர மாட்டார்கள். அதற்கு முறை போட்டு, பெயர்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வதுதான் கோச்சுக்குப் பாதுகாப்பு.