மூன்று காசு, ஒரு கோடு

மஸ்ஜித் இந்தியா கடையொன்றில் தோழி மூன்று 20 சென் காசுகளை ஆறு முறை வீசினாள். "இவரைக் கட்டிக்கலாமா?" சீனர்களின் ஈ சிங் நூலிடம் கேள்வி.

காசின் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3. கூட்டுத்தொகை 6 அல்லது 9 வந்த கோடுதான் மாறும். கீழிருந்து அடுக்கியதும் கிடைத்தது 31ஆவது உருவம், ஈர்ப்பு. பொதுப்பலன்: பெண் எடுத்தால் நன்மை. முகம் மலர்ந்தாள்.

ஆனால் கடைசி வீச்சு 2+2+2. ஆறாம் கோடு மட்டும் மாறுகிறது. அப்படியானால் அந்தக் கோட்டின் பலனையே படி என்றார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜூ ஷி. இந்த உருவத்தின் கோடுகள் கால்விரலில் தொடங்கி உடம்பில் ஏறுபவை. ஆறாவது தாடையும் நாக்கும். ஈர்ப்பு வெறும் பேச்சில் நிற்கிறதாம். வாயால் பிழைக்கும் எனக்கே சுருக்கென்றது!

"சரி, அவர் சொன்னதில் எதைச் செய்தார்?" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் தே தாரிக் ஆறிவிட்டது.