ஒரு குழி போதும்: 420 மீற்றர் கான் வெட்ட நாம் வரமாட்டோம்



தாங்கியில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் தோட்ட நிர்வாகத்திடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது: "லயத்து ஆட்கள் பைப்பைத் திறந்து விட்டுவிடுகிறார்கள்." இரண்டாவது: "குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிரமதானத்துக்கு வாருங்கள், வெட்டிப் பார்ப்போம்." முதல் பதில் நம்மீது பழி போடுகிறது. இரண்டாவது பதில் நமது ஓய்வு நாளைக் கூலியில்லாமல் கேட்கிறது. இரண்டையும் நாம் ஏற்கத் தேவையில்லை. மண்ணுக்கடியில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு பிரஷர் கேஜ், ஓர் இரும்புக் கம்பி, மூடித் திறக்கக்கூடிய வால்வு, இரண்டு இரவுகள். அவ்வளவுதான்.

ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் நமது தோட்டக் கமிட்டி இதைச் செய்து காட்டியது. மலை உச்சியில் தாங்கி. அங்கிருந்து 2 அங்குல பி.வி.சி. குழாய் 420 மீற்றர் தூரம் இறங்கி நான்கு லயங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. தாங்கிக்கும் கடைசிப் பைப்புக்கும் இடையே 46 மீற்றர் இறக்கம். நடுவழியில் ஒரு வால்வு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கொழுந்துக்குப் போகும் பெண்கள் பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வரும். நிர்வாகம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று தண்ணீரைக் குறைத்தது. பிறகு முழுக் குழாய்வழியையும் தோண்ட ஆள் கேட்டது.

கமிட்டி முதலில் தாங்கியை அளந்தது. உட்புறம் 2 மீற்றருக்கு 2 மீற்றர். அப்படியென்றால் மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 40 லீற்றர் போய்விட்டது என்று அர்த்தம். ஓர் இரவு 11 மணிக்கு எல்லாப் பைப்புகளையும் மூடி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை நிறுத்தினார்கள். ஊற்றிலிருந்து தாங்கிக்கு வரும் தண்ணீரையும் அடைத்தார்கள். ஒரு மணிக்குப் பார்த்தால் மட்டம் 15 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் 600 லீற்றர்! எந்த வீட்டுப் பைப்பும் திறந்திருக்கவில்லை. "ஆட்கள் வீணாக்குகிறார்கள்" என்ற பேச்சு அந்த இரவோடு முடிந்தது.

அடுத்து நடு வால்வை மூடிவிட்டு, ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை பார்த்தார்கள். மட்டம் அசையவில்லை. ஆகவே தாங்கியும் நல்லது, மேல்பாதிக் குழாயும் நல்லது. ஒழுக்கு நடு வால்வுக்குக் கீழேதான். நிர்வாகம் தோண்டச் சொன்ன 420 மீற்றரில் 190 மீற்றர் ஒரு மண்வெட்டிகூடப் படாமல் கழிந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய வால்வு கையால் முறுக்கினால் மூடியது போலத் தெரியும், உள்ளே தண்ணீர் விடும். மூடிய பின் கீழே உள்ள ஒரு பைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். குழாயில் இருந்த தண்ணீர் வடிந்து ஓட்டம் முற்றாக நின்றால்தான் வால்வு பிடிக்கிறது.

இரண்டாம் இரவு பிரஷர் கேஜின் வேலை. மலைநாட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. குழாயில் நிற்கும் தண்ணீர் 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கொடுக்கும். கடைசி லயத்துப் பைப்பில் கேஜை மாட்டியபோது 4.5 பார் காட்டியது. தாங்கி 46 மீற்றர் மேலே என்பதோடு அது பொருந்துகிறது. இரவு 10 மணிக்கு நடு வால்வை மூடினார்கள். அதற்குச் சற்றே கீழே இருந்த பைப்பைத் திறந்து வைத்தார்கள், குழாய்க்குள் காற்று போவதற்காக. காற்று போகாவிட்டால் தண்ணீர் உள்ளேயே தொங்கி நின்று கேஜ் பொய் சொல்லும். முள் உடனே 2.5 பாருக்கு வந்தது. நடு வால்வு கடைசிப் பைப்பைவிட 26 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அது சரியே. பிறகு முள் மெல்ல மெல்ல இறங்கியது.

முள் இறங்குவது ஒழுக்கு உண்டு என்று மட்டும் சொல்லும். எங்கே நிற்கிறது என்பதுதான் இடத்தைச் சொல்லும். ஓட்டைக்கு மேலே நிற்கும் தண்ணீர் ஓட்டை வழியே வடிந்துவிடும். ஓட்டைக்குக் கீழே உள்ள தண்ணீர் குழாயிலேயே நிற்கும். ஆகவே முள் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை. அன்று முள் நிற்க மூன்று மணி நேரம் ஆனது. 2 அங்குலக் குழாயில் மீற்றருக்குச் சுமார் 2 லீற்றர் தண்ணீர் இருக்கும். மட்டம் குறையக் குறைய ஒழுக்கும் மெதுவாகும். அவசரப்பட்டு அரை மணியில் எழுந்து போனால் தவறான உயரத்தைக் குறித்துவிடுவோம். ஒரு மணி கடந்து முள் 1.1 பாரில் நின்றது. அடுத்த அரை மணி நேரமும் அசையவில்லை. ஓட்டை கடைசிப் பைப்புக்கு 11 மீற்றர் மேலே! முள் பூச்சியத்துக்கே போயிருந்தால் ஓட்டை கேஜ் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயால் அந்த உயரத்தை மலைச்சரிவில் படிப்படியாக அளந்தார்கள். கேஜில் 0.1 பார் பிசகினால் உயரத்தில் ஒரு மீற்றர் பிசகும். அந்தச் சரிவில் அது குழாய்வழியில் 9 மீற்றர். எனவே மேலும் கீழும் சேர்த்து 20 மீற்றர் நீளத்துக்கு முளை அடித்தார்கள். குழாய் மலையேறி இறங்கி மீண்டும் ஏறும் இடங்களில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஒரே உயரம் இரண்டு மூன்று இடங்களில் வரும். அத்தனை இடங்களிலும் காது வைக்க வேண்டியிருக்கும்.

அந்தக் காதுதான் கம்பி. 12 மில்லிமீற்றர் தடிப்பு, ஒன்றரை மீற்றர் நீளம், ஒரு முனையில் காது வைக்க மரக் குமிழ். நடு வால்வைத் திறந்து, மேல் பைப்பில் காற்று வெளியேறித் தண்ணீர் வந்த பின் அதை மூடி, முழு அழுத்தம் ஏறிய பிறகுதான் கேட்க வேண்டும். அழுத்தம் இல்லாத ஒழுக்கு ஊமை. நேரம் பின்னிரவு இரண்டு மணி. காற்றில்லை, லயத்தில் ஆள் நடமாட்டமில்லை. இரும்புக் குழாயாக இருந்தால் சத்தம் குழாய் வழியே வெகுதூரம் ஓடி வரும். பி.வி.சி. சத்தத்தை விழுங்கிவிடும், சில மீற்றருக்குள் அடங்கிவிடும். அதனால்தான் முதலில் கேஜால் தூரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

குழாய் போகும் நேர்கோட்டுக்கு ஒரு சாண் பக்கமாக, ஒவ்வொரு மீற்றருக்கும் அலவாங்கால் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் துளை போட்டார்கள். குழாய் 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருப்பதை வால்வுக் குழியிலேயே பார்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு துளையிலும் கம்பியை இறக்கிக் கேட்டார்கள். எட்டாம் துளையில் லேசான இரைச்சல். ஒன்பதில் பலம். பத்திலும் பலம். பதினொன்றில் குறைந்தது. உடனே வால்வை மூடச் சொன்னார்கள். இரைச்சல் அடங்கியது. திறக்கச் சொன்னார்கள். திரும்ப வந்தது. வால்வை மூடியும் சத்தம் நிற்காவிட்டால் அது ஓடைத் தண்ணீர், குழாய் அல்ல.

நிர்வாகத்தின் ஆட்கள் இதே சரிவில் முன்பே ஒரு குழி தோண்டியிருந்தார்கள். எங்கே? ஈரம் தெரிந்த இடத்தில், 12 மீற்றர் கீழே, கான் ஓரத்தில். ஒன்றும் கிடைக்கவில்லை. குழாய் புதைத்த பள்ளத்தின் மண் இளகியது; ஒழுகும் தண்ணீர் அதன் வழியே இறங்கி, தடை வந்த இடத்தில்தான் வெளியே வரும். ஈரம் தெரியும் இடம் ஒழுக்கின் வாசல், ஒழுக்கின் வீடு மேலே இருக்கிறது.

தோண்டும்போதும் அவசரம் ஆகாது. வால்வை முற்றாக மூடாமல் சிறிது தண்ணீர் விட்டு வைத்தார்கள். முற்றாக மூடினால் குழியின் சேற்றுத் தண்ணீரை ஓட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை நம் பிள்ளைகள் குடிப்பார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு மீற்றர் அகலத்தில் குழி. 40 சென்ரிமீற்றர் வரை மண்வெட்டி, அதன் பிறகு கையும் கரண்டியும்தான். அலவாங்கு பட்டால் இரண்டாவது ஓட்டை விழும். குழாய்க்கு அடியில் இன்னொரு முழம் வெட்டினால் தண்ணீர் அங்கே தேங்கும், குழாய் வெளியே தெரியும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்கக் கூடாது. மழை நாளில் லயத்துக்கு மேலுள்ள சரிவில் குழி வெட்டவே கூடாது.

கிடைத்தது என்ன? குழாய்க்கு அடியில் ஒரு கூரான கருங்கல். அதன்மீது அழுந்தி, விரல் நீளத்துக்கு வெடிப்பு. மணல் பரப்பாமல் கல்லின்மேல் குழாயை வைத்து மூடியவர்கள் லயத்து ஆட்கள் அல்ல, நிர்வாகம் அமர்த்திய கொந்தராத்துக்காரர். வால்வை மூடி, வெடித்த துண்டை அறுத்து, புதுத் துண்டும் இரண்டு சொக்கட்டும் போட்டு ஒட்டி, பசை காய்ந்த பின் தண்ணீர் விட்டார்கள். அன்றிரவு வால்வை மூடிப் பார்த்தபோது கேஜ் முள் நின்ற இடத்தில் நின்றது. அதன் பிறகே இளமண் போட்டுக் குழியை மூடினார்கள்.

தோழர்களே, இது தண்ணீர்க் கணக்கு மட்டுமல்ல. அந்த ஒழுக்குக்கு நேர் கீழே 12 குடும்பங்கள் வாழும் லயம் இருக்கிறது. மணிக்கு 300 லீற்றர் தண்ணீர் மாதக்கணக்காக அந்தச் சரிவுக்குள் இறங்கியது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. அங்கே பெருமழை. மழைக் காலத்துக்கு முன்பே சரிவை நனைத்து வைக்கும் வேலையை ஓர் உடைந்த குழாய் செய்ய நாம் விடலாமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு லயத்துக்கு மேலும் மூடிப் பிடிக்கும் வால்வு வேண்டும். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். இரவில் கம்பி வைத்துக் கேட்பவருக்கும் வால்வு திறப்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும் முழுப் பேர் போட வேண்டும். சோதனை செய்யாமல் "ஆட்கள் வீணாக்குகிறார்கள்" என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. தோட்டத் தலைவர்மார் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது தாங்கியின் இரவு அளவையும் சேர்த்துக் கொடுங்கள்.

சிரமதானத்துக்கு ஆள் கேட்டு வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "முள் எங்கே நின்றது?" பதில் இருந்தால், கூலியோடு ஒரு குழி வெட்டுவோம். பதில் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சொந்தம்.