நோயாளியைக் கேட்டீர்களா?

"குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு?" என்ற கேள்வியை அண்மைக்காலத்தில் பல தடவைகள் கேட்க நேர்ந்தது. கேட்டவர்கள் அனைவரும் நல்லவர்கள், கேள்விதான் நல்லதல்ல. அவர்கள் குடும்பம் என்று குறிப்பிடுவது யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ், ரொறன்ரோ, மெல்பேர்ண் வரை பரந்து கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவை. யாருடையவை என்று எவருக்குமே தெரியாத இரண்டு தொலைபேசி இலக்கங்களும் அதில் உள்ளன.

எனது உறவினரான பெண்மணி ஒருவருக்கு மார்பில் கட்டி. ஊசி மூலம் இழையம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். பற்றுச்சீட்டைக் கொடுத்து அறிக்கையைப் பெற்று வந்தவர் அவருடைய அக்காவின் மகன். நம் நாட்டில் பற்றுச்சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அறிக்கை போய்ச் சேரும். அவர் அதனைப் படம் எடுத்துக் குழுவில் இட்டு, "சின்னம்மாவுக்குக் கான்சராம், டொக்டர்மார் ஆராவது பாத்துச் சொல்லுங்கோ" என்று எழுதினார். சின்னம்மாவும் அந்தக் குழுவில் இருந்தார். சத்திரசிகிச்சை நிபுணரை மறுநாள் மாலைதான் சந்திக்கவிருந்தவர், தனக்கு என்ன நோய் என்பதை அடுப்படியில் நின்றபடி கைத்தொலைபேசியில் வாசித்து அறிந்துகொண்டார்.

அத்துடன் முடியவில்லை. அறிக்கையில் 'கிரேட் 3' என்று இருந்தது. இலண்டனில் ஒருவர் அதனை மூன்றாம் கட்டம் என்று வாசித்தார்; பொழுது சாய்வதற்குள் பாரிசில் அது "கடைசிக் கட்டமாம்" ஆகிவிட்டது. கிரேட் என்பது வேறு, கட்டம் என்பது வேறு. நுணுக்குக்காட்டியில் பார்க்கையில் புற்றுநோய்க் கலங்கள் இயல்பான கலங்களிலிருந்து எவ்வளவு மாறுபட்டிருக்கின்றன, எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதைச் சொல்வது கிரேட். கட்டி எவ்வளவு பெரியது, அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்கோ உடலின் வேறு பாகங்களுக்கோ பரவியிருக்கிறதா என்பதைச் சொல்வது கட்டம். ஊசியில் எடுத்த துணுக்கை மட்டும் வைத்துக் கட்டத்தை நிர்ணயிக்க முடியாது. கிரேட் 3 கொண்ட சிறிய கட்டி முதலாம் கட்டத்திலும் இருக்கலாம். அவருடையது எந்தக் கட்டம் என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை. இதனை எழுத அவர் தந்த சம்மதத்தில் அது அடங்கவில்லை.

மருமகன் படத்தை அழித்தார். எல்லோருக்குமாக அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் வரை உண்டு. ஆனால் அதற்குள் பிறர் வேறிடங்களுக்கு அனுப்பிய பிரதிகளையோ, எடுத்து வைத்த திரைப்படங்களையோ அது தொடாது. பெயர், வயது, பதிவிலக்கம் யாவும் அந்தக் காகிதத்தில் இருந்தன.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் சேர்க்கிறது. ஆயினும் வீட்டுத் தேவைக்காகத் தனியாள் ஒருவர் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது. விபத்தில் இறந்தவரின் பெயரை உறவினர் அறியும் வரை வெளியிடாமல் வைத்திருக்கும் வழக்கம் பத்திரிகைக் கந்தோர்களில் உண்டு. அந்தளவு பொறுமைகூட வீட்டில் இல்லையென்றால் என்ன சொல்வது?

"சொல்லட்டுமா?" என்று பொதுவாகக் கேட்பதும் சம்மதம் பெறுவதாகாது. மயக்கமருந்து தெளியாத நிலையிலோ, கட்டிலைச் சுற்றி உறவினர் நிற்கையிலோ கேட்டால் எவரும் தலையாட்டுவார்கள். தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். யாருக்குச் சொல்வது, நோயின் பெயரைச் சொல்வதா, தொலைபேசி அழைப்புகளை விரும்புகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அண்ணனுக்குச் சொல்லச் சம்மதித்தவர் குழுவுக்குச் சொல்லச் சம்மதித்தவர் அல்லர். பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் முதலில் நேரடியாகப் பேசிவிட்டு, எழுதிய வசனத்தை நோயாளியிடம் வாசித்துக் காட்டிய பின்பே குழுவில் இட வேண்டும். அந்தப் பெண்மணியின் மகள் பின்னர் இட்ட செய்தி இது:

"அம்மாவின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது உறுதியாகியுள்ளது. சிகிச்சை தொடங்குகிறது. இப்போதைக்குத் தொலைபேசியில் பேச அவர் விரும்பவில்லை. எனக்கு எழுதுங்கள், அவரிடம் வாசித்துக் காட்டுவேன். தயவுசெய்து இதை வேறெவருக்கும் அனுப்ப வேண்டாம்."

இதில் கட்டம் இல்லை, வைத்தியசாலையின் பெயர் இல்லை. "ஆரம்பம்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்ற பொய்யான ஆறுதலும் இல்லை. பரிசோதனைகள் முடியுமுன் அதைச் சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை.

பணமோ இரத்தமோ தேவைப்பட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இரத்தம் கேட்பதற்கு எந்த வகை, எங்கே, எப்போது என்பவை போதும், நோயறிக்கை எதற்கு? நோயாளி பேச முடியாத நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் துணைவரோ பிள்ளைகளோ தீர்மானிக்கட்டும். அப்போதும் "வைத்தியசாலையில் சிகிச்சை பெறுகிறார், மேலும் விபரம் பின்னர் அறியத்தருவோம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அவசரமில்லை. மிகுதியை அவர் கண்விழித்துச் சொல்லட்டும்.