பூட்டு உள்ளே, முகவரி வெளியே

"அதுதான் பூட்டுப் போட்டிருக்கு எண்டு அவங்களே சொல்லுறாங்கள் மச்சான். ஒருத்தராலயும் வாசிக்கேலாது. பிறகென்ன பயம்?"

கன்டீனில் எங்கள் பெச் நண்பன் ஒருவன் சொன்னது. கதை வட்ஸ்அப்பைப் பற்றியது. புதிதாக ஒருவருடன் கதைக்கத் தொடங்கும்போது திரையின் மேலே ஒரு சின்னப் பூட்டும், இந்த உரையாடலை வேறு யாரும் வாசிக்க முடியாது என்ற அறிவிப்பும் வருமே, அதை நம்பித்தான் சொன்னான். அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றியும் நிறையப் பொய் உலாவுகிறது.

2016 ஏப்ரலில் இருந்து வட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பும் செய்தி எங்கள் ஃபோனிலேயே பூட்டப்படுகிறது. பெறுபவரின் ஃபோனில்தான் அது திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனத்தின் கணினி பூட்டிய பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரன் மட்டும்தான். 2021 ஜனவரியில் "இனி எங்கட மெசேஜ் எல்லாத்தையும் பேஸ்புக் வாசிக்கப் போகுது" என்று குரூப் குரூப்பாக ஃபோர்வர்ட் வந்தது ஞாபகம் இருக்கும். அது உண்மை இல்லை. அந்தப் பதற்றத்தில் பலர் டெலிகிராமுக்குப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், டெலிகிராமின் சாதாரண உரையாடலுக்கு இந்தப் பூட்டே கிடையாது. அங்கே "Secret Chat" என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு.

சரி, மற்றப் பாதி என்ன? பெட்டிக்குள் இருப்பதைத் தபால்காரன் பார்க்கமாட்டான். ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல் அவனால் கொண்டுபோய்க் கொடுக்கவே முடியாது. யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தரம். "இது என்ன பெரிய விசயமா" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

நடாலி எட்வர்ட்ஸ் அமெரிக்க நிதியமைச்சின் கீழ் இயங்கும் ஓர் அலகில் உயர் அதிகாரி. வங்கிகளின் சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்கள் பற்றிய இரகசிய அறிக்கைகளை பஸ்ஃபீட் செய்தி நிறுவனத்தின் நிருபர் ஒருவருக்குக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. 2018இல் விசாரணையாளர்கள் நீதிமன்ற அனுமதியோடு அவருடைய ஃபோனின் தொடர்பு விபரங்களைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். தொடங்கிய முதல் சில மணித்தியாலங்களிலேயே ஒரு விசயம் தெரிந்தது. கட்டுரை ஒன்று வெளிவந்த மறுநாள், நள்ளிரவு தாண்டி 12.33இலிருந்து 12.54வரை, ஏறத்தாழ இருபது நிமிடத்தில், அவருடைய ஃபோனுக்கும் அந்த நிருபரின் ஃபோனுக்கும் இடையில் ஏறக்குறைய 70 செய்திகள் போய் வந்திருந்தன. நீதிமன்றப் பத்திரம் அந்தச் செயலியின் பெயரைச் சொல்லவில்லை. அது வட்ஸ்அப்தான் என்று பின்னர் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள்.

அந்த எழுபதில் ஒரு சொல்லைக்கூட அந்தக் கண்காணிப்பு வாசிக்கவில்லை. பூட்டு உடையவே இல்லை. ஆனால் யார், யாரோடு, எப்போது என்ற மூன்றும் போதுமாக இருந்தன. அவருக்கு எதிராக வேறு ஆதாரங்களும் இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் அவருக்கு ஆறு மாதச் சிறை.

அதே ஆண்டு வெளியே கசிந்த எஃப்.பி.ஐ.யின் ஓர் உள்ளகப் பத்திரம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. சட்டப்படி கேட்டால், ஒருவருடைய செய்திகள் யாருக்குப் போகின்றன, யாரிடமிருந்து வருகின்றன என்ற விபரத்தை வட்ஸ்அப் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பும். அதைவிட ஒரு படி மேலான கட்டளை இருந்தால், அவருடைய தொடர்புப் பட்டியலையும், யாருடைய ஃபோனில் எல்லாம் அவருடைய எண் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அவர்களையும் சொல்லும். இரண்டாவதை இன்னொரு தடவை வாசியுங்கள். நான் யாருடைய எண்ணை வைத்திருக்கிறேன் என்பது மட்டும் இல்லை, என் எண்ணை யார் வைத்திருக்கிறார்கள் என்பதும். அதை நான் ஒருநாளும் அந்தச் செயலிக்குக் கொடுத்ததில்லை. என் நண்பர்கள் கொடுத்திருக்கிறார்கள், நான் அவர்களுடையதைக் கொடுத்தது போலவே.

நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று எல்லோருக்கும் பதிவேடு வைத்திருப்பதில்லை, தொடர்புப் பட்டியலை பேஸ்புக்குக் கொடுப்பதில்லை என்கிறார்கள். ஆனால் அவர்களின் தனியுரிமைக் கொள்கையைப் பொறுமையாக இருந்து வாசித்தால், சேகரிப்பவற்றின் பட்டியல் நீளம்: எண், ஃபோன் மாடல், இணைய முகவரி, அதை வைத்து நீங்கள் இருக்கும் ஊர், எவ்வளவு நேரம் பாவிக்கிறீர்கள், குரூப்பின் பெயர், படம், விவரிப்பு. எண், ஃபோன் பற்றிய தகவல், இணைய முகவரி, வியாபாரக் கணக்குகளோடு நீங்கள் தொடர்புகொள்ளும் விதம் போன்றவை தாய் நிறுவனமான மெட்டாவோடு பகிரப்படும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

குரூப்பின் பெயர் என்பதைப் பாருங்கள். கம்பஸில் ஒரு பகிஷ்கரிப்பு வருகிறது என்று வைப்போம். "திங்கள் பகிஷ்கரிப்பு" என்று ஒரு குரூப் தொடங்கி, ஒரு மணித்தியாலத்தில் நாற்பது பேரைச் சேர்த்துவிட்டு, "உள்ளுக்குக் கதைக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது" என்று இருக்கிறோம். உள்ளே கதைத்தது தெரியத் தேவையே இல்லை. பெயரும் நாற்பது எண்களும் நேரமும் முழுக் கதையையும் சொல்லிவிடும்.

"இண்டைக்கு அவங்கள் அப்பிடிச் செய்யேல்லைத்தானே" என்ற பதிலும் எனக்குத் திருப்தி தரவில்லை. 2014இல் பேஸ்புக் வட்ஸ்அப்பை வாங்கியபோது, இரண்டு தளங்களின் கணக்குகளையும் தானாக இணைக்க நம்பகமான வழி இல்லை என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. 2016 ஓகஸ்டில் கொள்கை மாறியது, எண்கள் பகிரப்படத் தொடங்கின. அப்போதே அந்த வழி இருந்தது, எங்களுக்குத் தவறான தகவல் தந்தீர்கள் என்று 2017இல் ஆணையம் 110 மில்லியன் யூரோ தண்டப்பணம் விதித்தது. 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். விளம்பரமே வராது என்று தொடங்கிய செயலி இது. வாக்குறுதி ஒரு கொள்கைப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தை எழுதுபவர்கள் அதை மாற்றலாம்.

இனி இன்னொரு ஓட்டை. இதற்கு நிறுவனத்தைவிட நாங்கள்தான் பொறுப்பு. ஃபோன் துலைந்து புதுசு வாங்கியவர்களுக்குத் தெரியும்: எண்ணைப் போட்டு, கூகுள் கணக்கைக் கொடுத்தால், மூன்று வருசக் கதை அப்படியே திரும்பி வரும். சந்தோசம். ஆனால் ஒரு நிமிசம் யோசியுங்கள். செய்தி உங்கள் ஃபோனில் மட்டும்தான் திறக்கும் என்றார்கள். அந்த ஃபோன் இப்போது இல்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லையும் ஒருவரும் கேட்கவில்லை. அப்படியென்றால் திறப்பு உங்கள் கையில் மட்டும் இருக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கூகுள் டிரைவிலோ ஐகிளவுட்டிலோ போய்ச் சேரும் பிரதிக்கு, நீங்களாகப் போடாவிட்டால், அந்த முழுப் பூட்டு இல்லை. மேலே சொன்ன எஃப்.பி.ஐ. பத்திரத்திலும் இது இருக்கிறது: ஐகிளவுட் பிரதியிலிருந்து செய்தியின் உள்ளடக்கமே கிடைக்கலாம்.

ஆகவே நான் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலாவது, இந்தப் பிரதியைப் பூட்டினேன். Settings > Chats > Chat backup > End-to-end encrypted backup. அங்கே ஒரு கடவுச்சொல் வைக்கலாம். மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது, அதனால் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் நான் மட்டும் பூட்டினால் போதாது. என் கதை முழுக்க எதிரில் இருப்பவரின் பிரதியிலும் இருக்கிறது. அவர் பூட்டாவிட்டால் என் பூட்டு அரைப் பூட்டு. அதனால்தான் இதை எனக்குள் வைத்திருக்காமல் இங்கே எழுதுகிறேன். நீங்கள் அதிகம் கதைக்கும் ஆட்களிடமும் சொல்லுங்கள். முக்கியமான உரையாடல்களுக்கு Disappearing messages போட்டால் பழையது சேர்ந்துகொண்டே போகாது. ஸ்கிரீன்ஷொட் எடுப்பவரை அது தடுக்காது.

இரண்டாவது, Settings > Privacy போய் ப்ரொஃபைல் படம், Last seen and online, Groups மூன்றையும் My contacts என்று மாற்றினேன். குரூப்பில் இருக்கும் முன்பின் தெரியாதவர்கள் படத்தை எடுப்பதும், கண்டபடி குரூப்பில் சேர்ப்பதும் இதனால் குறையும். இது மனிதர்களிடமிருந்து மறைக்கும் வழி மட்டும்தான். நிறுவனத்திடமிருந்து எதையும் மறைக்காது. இந்த வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, Settings > Account > Request account info அழுத்தினேன். ஏறத்தாழ மூன்று நாளில் உங்கள் கணக்கைப் பற்றி வைத்திருப்பவற்றின் அறிக்கை வரும். செய்திகள் அதில் இருக்காது. ஆனால் தொடர்புகளும் குரூப்களும் வரிசையாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால், இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல வருவது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

வட்ஸ்அப்பை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. என் அம்மா அதில் இருக்கிறா, லெக்சர் நோட்ஸ் அதில் வருகிறது, கனடாவில் இருக்கும் மாமி அதில்தான் எடுப்பா. ஆனால் முகவரியைச் சேகரிப்பது தவிர்க்க முடியாத ஒன்று என்று நினைக்காதீர்கள். 2016இல் சிக்னல் செயலியிடம் அமெரிக்காவில் ஒரு பாவனையாளரின் விபரம் கேட்கப்பட்டது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மறுத்ததால் அல்ல, கொடுக்க வேறு ஒன்றும் அவர்களிடம் இருக்கவில்லை. இத்தனைக்கும் வட்ஸ்அப் போட்டிருக்கும் பூட்டு சிக்னல்காரர்கள் செய்த பூட்டுத்தான். பூட்டு ஒன்றுதான், வெளியே எவ்வளவு எழுதி வைப்பது என்பது நிறுவனத்தின் தெரிவு.

அந்தத் தெரிவைக் கேள்வி கேட்பது அரசின் வேலை. எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிறைவேறிய பிறகும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஐரோப்பாவில் தண்டப்பணம் விதிக்கிறார்கள் என்று நாங்கள் செய்தியில் வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

நண்பனிடம் இதை எல்லாம் சொன்னேன். "எனக்கு மறைக்கிறதுக்கு ஒண்டும் இல்லையடா" என்றான். இருக்கலாம். ஆனால் அவனுடைய ஃபோனில் என் எண் இருக்கிறது, அவனுடைய தங்கச்சியின் எண் இருக்கிறது, அந்தப் பகிஷ்கரிப்பு குரூப்பின் நாற்பது பேரும் இருக்கிறார்கள். அவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பதால் எங்களுக்கும் ஒன்றுமில்லை என்று அவன் எப்படி முடிவெடுப்பான்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஃபோனை எடுத்து, அந்த பெக்கப் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.