மௌனி, மெளனி, மவுனி

சிறுகதையாசிரியர் மௌனியைப் பற்றி இணையத்தில் வெளிவரும் கட்டுரைகளைத் திரட்டி மாணவர்க்கு ஒரு பட்டியல் அமைத்துத் தரவேண்டும் என்னும் எண்ணம் நமக்கு நெடுநாளாக உண்டு. நாள்தோறும் தேடிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே, குறிச்சொல்லைக் கொடுத்துவிட்டால் அது புதிதாக எப்பக்கத்தில் தோன்றினாலும் மின்னஞ்சலில் அறிவிக்கும் சேவை ஒன்றில் 'மௌனி' என்று பதிந்து வைத்தோம். இரண்டு மாதங்களில் வந்தவை மூன்றே அறிவிப்புகள். மௌனியை இன்று யாரும் படிப்பதில்லை என்று வகுப்பிலும் வருந்திப் பேசிவிட்டோம். அடுத்த வாரம் மாணவி ஒருவர் நல்லதொரு கட்டுரையை அச்சிட்டுக் கொண்டுவந்தார். அந்த இரண்டு மாதங்களுக்குள் வெளியானதுதான். தலைப்பிலேயே மௌனியின் பெயர் இருந்தது.

கண்ணுக்கு வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதே விளங்கிற்று. யூனிகோடு முறையில் 'மௌ' என்பது மகரமும் (U+0BAE) ஔகாரக் குறியும் (U+0BCC) சேர்ந்தது. கட்டுரையாளரோ 'மெ' என்று அடித்து, அதன்பின் 'ள' என்னும் எழுத்தை (U+0BB3) அடித்திருந்தார். ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் உருவத்தில் ஒன்றாகவே இருப்பதால், படிப்பவர் 'மௌனி' என்றே படிப்பார். கணினிக்கு அது 'மெ', 'ள', 'னி' என்னும் மூன்றெழுத்துச் சொல். நாம் கேட்ட சொல் அன்று.

இயல்பாக்கம் செய்தால் இது தீரும் என்பர் கணினி அறிந்த நண்பர்கள். பாதிதான் தீரும். ஔகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இடப்பகுதி (U+0BC6), வலப்பகுதி (U+0BD7) என்று இரு குறிகளாகவும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே என்பது யூனிகோடு விதி. இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கிவிடும். ளகரத்தை அது தொடாது. 'மெள்ள' என்னும் சொல்லில் அதே 'மெ'யும் 'ள'வும் முறையாக அடுத்தடுத்து வருகின்றனவே! எதிர்மாறான நிலையும் உண்டு. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வைத்த 'லை'யும் இன்றைய 'லை'யும் உருவத்தில் வேறு. யூனிகோடில் இரண்டும் ஒன்றே. கண் வேறென்று காண்பதைக் கணினி ஒன்றென்கிறது. கண் ஒன்றென்று காண்பதை வேறென்கிறது.

மூன்றாவது வடிவம் 'மவுனி'. இதைப் பிழை என்று தள்ள நம்மால் இயலவில்லை. ஔவையை அவ்வை என்று எழுதுவதைப் போலி என்று ஏற்ற மரபு நம்முடையது. நாளிதழ்கள் பலவும் 'மவுனம்' என்றே அச்சிடுகின்றன.

கணினி பயிற்றும் சக ஆசிரியர் ஒருவர், நாம் கொடுத்த நாற்பது தளங்களை நாள்தோறும் திறந்து பார்க்கும் சிறுநிரல் ஒன்றை எழுதித் தந்தார். அதன் உயிர்நிலை இரண்டே வரிகள்:

```
s = unicodedata.normalize("NFC", s)
re.search("(மௌ|மெள|மவு)னி", s)
```

முதல் வரி பிரிந்த குறிகளைச் சேர்க்கிறது. இரண்டாவது வரி மூன்று வடிவங்களையும் தேடுகிறது. சொல் இங்கே முடியவேண்டும் என்று அது கேட்பதில்லை. ஆகையால் 'மௌனியின்', 'மௌனியைப்' என்று வேற்றுமை உருபு ஏறியவையும் அகப்படுகின்றன. முழுச்சொல்லை மட்டும் பொருத்தும் சேவைகள் இவற்றையும் தவறவிட்டுவிடும்.

வலையை அகலமாக்கினால் குப்பையும் சேரும். முதல் நாளே 'மௌனித்தான்', 'மௌனிக்கிறது' என்று வினைச்சொற்கள் குவிந்தன. 'னி'யை அடுத்து 'த்த' வந்தாலும், 'க்கு' நீங்கலாக 'க்க' வந்தாலும் விலக்குமாறு செய்தோம். 'மௌனிக்கும்' மட்டும் எஞ்சியது. மௌனி என்பவருக்கும் என்றும் பொருள்படும். பேசாதிருக்கும் என்றும் பொருள்படும். அதை மனிதக் கண்தான் பிரிக்க வேண்டும்.

எல்லாரும் ஒரே எழுத்துமுறையைக் கைக்கொள்ள வேண்டும் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. 'மவுனி' என்று எழுதுவது எழுதுவோர் உரிமை. அதையும் கண்டெடுப்பது தேடுவோர் கடமை. ஔகாரத்துக்கு ளகரம் அடிப்பது அப்படியன்று. அது எழுத்துமுறை வேறுபாடு அன்று, வேற்றெழுத்து. அதை எழுதுவோரே திருத்திக்கொள்ள வேண்டும்.

கண்காணிப்புச் சேவையை நம்பியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு முன்பே தெரிந்த பத்துப் பக்கங்களை எடுத்து, உங்கள் குறிச்சொல் அவற்றுள் எத்தனையைப் பிடிக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நமது பழைய குறிச்சொல் பத்தில் நான்கைத்தான் பிடித்தது. அதை முன்பே எண்ணியிருந்தால், மௌனியைப் படிப்பாரில்லை என்று வகுப்பில் சொல்லியிருக்க மாட்டோம். அச்சொல்லை அந்த மாணவியின் முன்னிலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டோம்.