திறப்பு விகிதம் என்னும் பொய்க்கணக்கு

செய்திமடல் அனுப்பும் நிறுவனங்களிடையே வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. அனுப்பிய மின்னஞ்சல்களில் எத்தனை விழுக்காடு திறக்கப்பட்டன என்று காட்டும் 'திறப்பு விகிதம்' இன்று மிகைப்பட்டிருந்தாலும், வாசகர் ஆர்வம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அறியவாவது அது பயன்படும் என்பதே அந்நம்பிக்கை. மிகை எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் இருப்பதால் ஒப்பீடு கெடாது என்று இதற்குக் காரணமும் கூறப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இக்காரணம் நிற்காது.

திறப்பு என்று பதிவாவது படித்தல் அன்று. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்று, பெறுநர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைய முகவரியுடன் வைக்கப்படுகிறது. அப்படத்தை யாரேனும் அனுப்புநரின் சர்வரிலிருந்து கேட்டுப் பெற்றால் அதுவே ஒரு திறப்பாக எழுதப்படுகிறது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் அறிமுகப்படுத்திய அந்தரங்கப் பாதுகாப்பு, பயனர் இசைவு தந்திருந்தால், அவர் மடலைத் தொடாதபோதும் அதிலுள்ள படங்களை இடைநிலை சர்வர்கள் வழியாக முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. ஜிமெயில் கணக்காயினும் ஆப்பிளின் மெயில் செயலியில் படிக்கப்பட்டால் இதுவே நிகழும் என்பதால், முகவரியைப் பார்த்து இவர்களைப் பிரித்தெடுக்க இயலாது.

பத்தாயிரம் சந்தாதாரர்கள் உள்ள ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, அவர்களுள் 4,000 பேர் இப்பாதுகாப்பை இயக்கியவர்கள் என்றும், எல்லாப் பிரிவிலும் மெய்யாகப் படிப்போர் 20 விழுக்காடு என்றும், எளிமைக்காக அந்த 4,000 மடல்களின் படங்களும் முன்கூட்டியே இறக்கப்படுகின்றன என்றும் கொள்வோம். மெய்யான வாசகர் 2,000 பேரே. ஆனால் ஆப்பிள் பிரிவின் 4,000உம் மற்ற 6,000 பேரில் படித்த 1,200உம் சேர்ந்து அறிக்கை 52 விழுக்காடு என்று காட்டும். ஓராண்டில் ஆர்வம் பாதியாகக் குறைந்து 10 விழுக்காடாகி, அதற்குள் பாதுகாப்பை இயக்கியவர்கள் 5,000 பேராகப் பெருகினால், 5,000உம் 500உம் கூடி விகிதம் 55 விழுக்காடாக உயரும். வாசகர் பாதியாகக் குறைந்த ஆண்டை அறிக்கை வளர்ச்சி ஆண்டாகக் காட்டுகிறது. போக்கை அறியவாவது உதவும் என்ற வாதம் இங்கேயே வீழ்கிறது.

தவறான எண்ணைக் காட்டிலும் அதன்மீது எடுக்கப்படும் முடிவுகளே பெருங்கேடு விளைவிக்கின்றன. ஆறு மாதம் திறக்காதவரைப் பட்டியலிலிருந்து நீக்குவது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. இன்று அந்த விதி, மடலை ஒருநாளும் படிக்காத ஆப்பிள் பயனரை ஆர்வமுள்ளவராகத் தக்கவைத்துக்கொண்டு, படங்களை முடக்கிவிட்டு ஊன்றிப் படிக்கும் வேறொருவரை வெளியேற்றுகிறது. திறந்தவர்களில் இணைப்பைச் சொடுக்கியவர்கள் எத்தனை பேர் என்னும் விகிதமும் இவ்வாறே கெடுகிறது. மேற்கண்ட பட்டியலில் 300 பேர் சொடுக்கியிருந்தால் மெய்யான அளவு 15 விழுக்காடு. மிகைப்பட்ட 5,200ஆல் வகுத்தால் அது 6க்கும் கீழே இறங்கி, குறையில்லாத உள்ளடக்கத்தைக் குறையுள்ளதாக்கும்.

அவ்வாறாயின் சொடுக்குகளை மட்டும் நம்பலாம் என்பாரும் உளர்; அதுவும் பாதி உண்மையே. அலுவலக மின்னஞ்சல்களைக் காக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள், தீங்கு உண்டா என்று சோதிப்பதற்காக இணைப்புகளைத் தாமே திறந்து பார்க்கின்றன. மடல் சேர்ந்த சில நொடிகளுக்குள் அதிலுள்ள எல்லா இணைப்புகளும் ஒருங்கே சொடுக்கப்பட்டிருந்தால், அது மனிதரின் செயல் அன்று என்று கொண்டு கணக்கிலிருந்து விலக்க வேண்டும்.

ஓரளவு நம்பத்தக்கவை, பெரும்பாலும் மனிதரே செய்யும் செயல்கள்: வாங்குதல், பதிவு செய்தல், மறுமொழி எழுதுதல், சந்தாவை விலக்கிக்கொள்ளுதல், 'ஸ்பேம்' என்று முறையிடுதல். இறுதியாகக் கூறியதைக் கூகுள் தன் போஸ்ட்மாஸ்டர் தளத்திலேயே காட்டுகிறது; ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரின் முறையீட்டு விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்பது 2024 பிப்ரவரி முதல் அதன் விதி.

இவற்றினும் உறுதியானது விலக்குக் குழுச் சோதனை, அதாவது பட்டியலில் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதிக்கு மடல் அனுப்பாமல் வைத்து ஒப்பிடுதல். மடல் பெறாத 1,000 பேரில் 20 பேரும், பெற்ற 9,000 பேரில் 270 பேரும் பொருள் வாங்கினால், மடலால் விளைந்தவை 270 விற்பனைகள் அல்ல. மடலின்றியே நிகழ்ந்திருக்கக்கூடிய 180ஐக் கழித்த 90 மட்டுமே. சிறு பட்டியல்களில் தற்செயல் வேறுபாடு மிகும் என்பதால், சோதனையைப் பலமுறை நடத்திக் கூட்டிப் பார்ப்பது தேவை.

ஆகவே திறப்பு விகிதத்தை மேலாளர் அறிக்கையின் முதல் வரியிலிருந்தும், பெயர் நீக்கும் விதிகளிலிருந்தும் உடனே அகற்றுவதே முறை. வாசகரின் அந்தரங்கம் காக்கப்பட்டதால் இழக்கப்பட்டது அறிவு அன்று. ஒருநாளும் படித்தலை அளந்திராத ஓர் எண்ணின்மீது வைத்திருந்த தகுதியற்ற நம்பிக்கை மட்டுமே.